ஓட்டைக்குக் கெடு வைப்பது: பாதுகாப்பு டிக்கெட்டுகளின் நாள் கணக்கு பற்றிய கேள்விகள்

மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, கிரிட்டிக்கலுக்கு எத்தனை நாள், ஹைக்கு எத்தனை நாள்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்திலிருந்து எண்ணுவதுதான் இந்தக் குழப்பத்தின் பாதி. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, 2019-ல் அந்நாட்டு அரசுத் துறைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்களில் கிரிட்டிக்கல் ஓட்டைக்கு 15 நாள், ஹைக்கு 30 நாள். அது ஓட்டை முதலில் கண்டறியப்பட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. பணம் செலுத்தும் அட்டைகளைக் கையாளுவோருக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரமும் கிரிட்டிக்கல் பேட்சுக்கு ஒரு மாதம் தருகிறது. ஆனால் அந்த மாதம் பேட்ச் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் "30 நாள்" என்றே வைத்துக்கொண்டாலும் ஒரே சர்வரில் கெடு வேறு வேறு தேதியில் விழும்.

எண்ணை உங்கள் ஆட்பலத்தைப் பார்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தில் கணக்குப் போட வசதியாக கிரிட்டிக்கலுக்கு 7, ஹைக்கு 30, மீடியத்துக்கு 90, லோவுக்கு 180 நாள் என்று வைத்துக்கொள்கிறேன். தீவிரம், ஓட்டை எவ்வளவு மோசம் என்று பத்துக்குப் போடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணிலிருந்து வருகிறது: 9.0-லிருந்து கிரிட்டிக்கல், 7.0-லிருந்து ஹை, 4.0-லிருந்து மீடியம், அதற்குக் கீழே லோ. எல்லாமே விடுமுறையும் சேர்ந்த காலண்டர் நாட்கள்.

டிக்கெட் திறந்த நாளிலிருந்து எண்ணினால் போதாதா? டூலே அப்படித்தான் செய்கிறது.

போதாது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது உண்மைதான்.

ஒரு ஓட்டைக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு: அது உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாள், பேட்ச் வந்த நாள், உங்கள் ஸ்கேனர் அதை உங்கள் சர்வரில் முதன்முதலாகப் பார்த்த நாள், டிக்கெட் திறந்த நாள். கடைசி இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் ஸ்கேனர் பட்டியலைப் படித்து, பொய் எச்சரிக்கைகளைத் தள்ளி, எந்த டீமுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு 9 நாள் ஆனது என்று வையுங்கள். 7 நாள் கெடு உள்ள ஓட்டை டிக்கெட் பிறக்கும் முன்பே கெடு தாண்டிவிட்டது, ஆனால் அறிக்கையில் பச்சையாகத் தெரியும். பிரித்துப் பார்க்கும் வரிசையில் தேங்கிய நாட்களை யாருமே பார்க்க முடியாமல் போகிறது.

அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் வேறொரு சிக்கல். நேற்று வாங்கிய ஒரு பழைய மென்பொருளில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஓட்டை இருந்தால், அந்த டிக்கெட் மூன்று வருடம் தாமதமாகவே பிறக்கும். பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்து மூடிவிடுவார்.

ஆகவே முதன்முதலாகப் பார்த்த நாளை அடிப்படையாக வையுங்கள். டிக்கெட் திறந்த நாளைத் தனியே வைத்திருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பாதுகாப்பு டீமின் சொந்தக் கடன். கெடு தாண்டும்போது யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஸ்கேனரே "முதலில் பார்த்த நாள்" கொடுக்கிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொண்டு நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். கன்டெய்னர் சேவைகளில் திறந்திருக்கும் ஓட்டைகளின் சராசரி வயது ஒரு நாளைத் தாண்டவே இல்லை. எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தோம். பிறகு ஒருநாள் மூடிய டிக்கெட்டுகளைப் பார்த்தபோது, ஒரே சிவிஇ எண், அதாவது ஒவ்வொரு ஓட்டைக்கும் பொதுவில் தரப்படும் அடையாள எண், ஒரே சேவையில் தினமும் காலையில் மூடப்பட்டு, தினமும் காலையில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது.

காரணம் எளிது. கன்டெய்னரை ஓட்டும் இமேஜ் ஒவ்வொரு இரவும் புதிதாகக் கட்டப்பட்டது. கட்டும்போதெல்லாம் அதன் அடையாளக் குறியான டைஜஸ்ட் மாறியது. ஸ்கேனர் ஓட்டையை அந்த டைஜஸ்டோடு சேர்த்துத்தான் அடையாளம் கண்டது. பழைய இமேஜ் போனதும் "சரியாகிவிட்டது", புதிய இமேஜ் வந்ததும் "புது ஓட்டை". எவரும் ஒரு வரிகூட மாற்றவில்லை. சர்வரை ஐபி முகவரியால் அடையாளம் காணும் ஸ்கேனரிலும், முகவரி மாறும்போது இதேதான் நடக்கும்.

எனவே முதலில் பார்த்த நாளை உங்கள் பக்கத்திலேயே சேமியுங்கள். அடையாளமாகச் சேவையின் பெயர், பேக்கேஜின் பெயர், சிவிஇ எண் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் போதும். பேக்கேஜின் பதிப்பு எண்ணை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், ஓட்டை அடைபடாத இன்னொரு பதிப்புக்கு அரைகுறையாக ஏறியதும் நாள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

லோ என்று திறந்த டிக்கெட் நடுவில் கிரிட்டிக்கலாக மாறினால் கெடுவை எப்படிக் கணக்கிடுவது?

இந்த வேலையில் சண்டை வரும் இடம் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்று பேர் வாங்கிய CVE-2021-44228 வெளியானபோது எல்லாரும் அவசரமாக, அந்த ஓட்டை இருந்த ஜாவா நூலகமான லாக்4ஜேயின் 2.15.0 பதிப்புக்கு மாறினார்கள். அந்தத் திருத்தம் முழுமையானதல்ல என்று தெரிந்து CVE-2021-45046 வந்தது. முதலில் அதைச் சேவையை முடக்க மட்டுமே பயன்படும் ஓட்டை என்று கருதி 3.7 மதிப்பெண் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே சில சூழல்களில் அதைக் கொண்டு தொலைவிலிருந்து கட்டளையே ஓட்டலாம் என்று தெரிந்து 9.0 ஆக்கினார்கள். நம் அட்டவணைப்படி லோவிலிருந்து நேரே கிரிட்டிக்கல்.

உங்கள் ஸ்கேனர் அதை டிசம்பர் 15 அன்று பார்த்ததாகவும், புதிய மதிப்பெண் உங்கள் டிக்கெட்டில் 18-ம் தேதி ஏறியதாகவும் வைத்துக்கொள்வோம். திறக்கும்போது கெடு 180 நாள், அதாவது 2022 ஜூன் 13. இப்போது இரண்டு வழி. முதலில் பார்த்த நாளிலிருந்து 7 நாள் எண்ணினால் டிசம்பர் 22. தீவிரம் உயர்ந்த நாளிலிருந்து எண்ணினால் டிசம்பர் 25.

இங்கே வித்தியாசம் மூன்றே நாள், பெரிதாகத் தெரியாது. ஆனால் ஐந்து மாதமாக லோவாகக் கிடந்த ஒரு டிக்கெட் இன்று கிரிட்டிக்கல் ஆனால்? முதல் வழியில் அது மாறிய நொடியிலேயே நூற்று நாற்பத்துச் சொச்சம் நாள் தாமதம். நேற்று வரை விதிப்படி நடந்த டீமை இன்று குற்றவாளியாக்குகிறோம். அவர்கள் அடுத்த முறை செய்வது ஒன்றுதான்: தீவிரத்தை உயர்த்த விடாமல் வாதாடுவார்கள். எனவே உயரும்போது, உயர்ந்த நாளிலிருந்து புதிய கெடு. பழைய கெடு அதற்கு முன்னால் வந்தால் பழையதே நிற்கும்.

இறங்கும்போது வேறு. கிரிட்டிக்கலாகத் திறந்து 6-ம் நாளில் ஹை ஆனால், கெடு முதல் நாளிலிருந்து 30-வது நாள். இறக்கிய நாளிலிருந்து புதிதாக 30 நாள் கொடுக்கக் கூடாது. ஓட்டை முதல் நாளிலிருந்தே குறைந்தது ஹையாக இருந்திருக்கிறதே.

அப்படியானால் 6-ம் நாள் ஹைக்கு இறக்கி, 25-ம் நாள் மறுபடி கிரிட்டிக்கலுக்கு ஏற்றினால் நாள் கிடைக்குமே?

சரியாகப் பிடித்தீர்கள். மேலே சொன்ன விதியைக் குருட்டுத்தனமாக எழுதினால் 25-ம் நாளிலிருந்து 7 நாள், அதாவது 32-ம் நாள். பழைய கெடுவான 30 முந்துகிறது. ஆக ஏழு நாளில் முடிய வேண்டியது முப்பது நாளுக்குப் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டு பேர் இரண்டு விதமாக மதிப்பிட்டாலே நடந்துவிடும்.

இதை அடைக்க, ஒவ்வொரு தீவிர மட்டத்துக்கும் "இந்த டிக்கெட் இந்த மட்டத்தையோ அதற்கு மேலேயோ முதலில் தொட்ட நாள்" எது என்று பாருங்கள். அந்த நாளிலிருந்து அந்த மட்டத்தின் நாட்களை எண்ணுங்கள். இப்போதைய மட்டத்துக்கும் அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கும் கிடைக்கும் தேதிகளில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

```python
from datetime import timedelta

ORDER = ["low", "medium", "high", "critical"]
DAYS = {"low": 180, "medium": 90, "high": 30, "critical": 7}

def due(history):
    now = ORDER.index(history[-1][1])
    dates = []
    for level in range(now + 1):
        start = min(d for d, s in history
                    if ORDER.index(s) >= level)
        dates.append(start + timedelta(days=DAYS[ORDER[level]]))
    return min(dates)
```

`history` என்பது தேதியும் தீவிரமும் சேர்ந்த ஜோடிகளின் பட்டியல். அதன் முதல் தேதி, முதலில் பார்த்த நாள். டிசம்பர் 15 லோ, 18 கிரிட்டிக்கல் என்று கொடுத்தால் டிசம்பர் 25 வரும். கிரிட்டிக்கல், ஹை, மறுபடி கிரிட்டிக்கல் என்று ஆட்டம் காட்டினால் 7-ம் நாளே வரும், அதாவது ஏற்றியதுமே கெடு தாண்டியதாகக் காட்டும். அதுதான் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கெடுவை யாரும் கையால் எழுதுவதில்லை. டிக்கெட்டில் மாறுவது தீவிரம் மட்டும். கெடு எப்போதும் கணக்கில் விழுவது. கெடுப் புலத்தில் ஆட்கள் தட்டச்ச முடியுமானால், மூன்று மாதத்தில் அது "முடிக்க நினைக்கும் நாள்" ஆகிவிடும்.

மதிப்பெண் ஒன்றை மட்டும் நம்பித் தீவிரத்தை முடிவு செய்யலாமா?

தொடக்கத்துக்குச் சரி. ஆனால் சிவிஎஸ்எஸ் அடிப்படை மதிப்பெண்ணுக்கு உங்கள் நெட்வொர்க் தெரியாது. 9.8 வாங்கிய ஓட்டை வெளியிலிருந்து எட்டவே முடியாத சோதனை சர்வரில் இருக்கலாம். அப்போது ஒரு படி இறக்க அனுமதியுங்கள், காரணத்தை எழுதச் சொல்லுங்கள். இரண்டு படி இறக்க அனுமதிக்க மாட்டேன். அந்தச் சோதனை சர்வர் என்றைக்கு வெளியே திறந்துவிடப்படும் என்று டிக்கெட்டுக்குத் தெரியாது.

மேலே ஏற்ற ஒரே ஒரு காரணம் போதும்: அந்த ஓட்டையை உண்மையிலேயே யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பது. சிசா 2021 நவம்பரிலிருந்து அப்படிப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. கேஇவி என்பார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுத் தேதியும் இருக்கும். லாக்4ஷெல் 2021 டிசம்பர் 10 அன்று சேர்க்கப்பட்டது, கெடு டிசம்பர் 24. அந்தத் தேதிகள் அமெரிக்க அரசுத் துறைகளைத்தான் கட்டுப்படுத்தும் என்றாலும், பட்டியலில் உங்கள் சிவிஇ வந்தால் மதிப்பெண் எதுவானாலும் கிரிட்டிக்கல் என்று வைப்பது எளிய, வாதத்துக்கு இடமில்லாத விதி.

400 சர்வரில் ஒரே ஓட்டை. 400 டிக்கெட்டா?

வேண்டாம். ஒரு திருத்த வேலைக்கு ஒரு டிக்கெட். மேலே சொன்ன லாக்4ஜே விஷயத்தில் டிசம்பர் 18-க்குள் 2.17.0 பதிப்பும் வந்துவிட்டது. அதற்கு மாறினால் 45046-ம் தீரும், அடுத்து வந்த CVE-2021-45105-ம் தீரும். செய்கிறவருக்கு அது ஒரே வேலை. ஆகவே ஒரு சேவை, ஒரு பேக்கேஜ், ஒரு டீம் என்றால் ஒரு டிக்கெட். உள்ளே தனித்தனிக் கண்டுபிடிப்புகள் வரிகளாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தேதி உண்டு. டிக்கெட்டின் கெடு அவற்றில் முந்துவது. புதிய வரி சேர்ந்தால் கெடு முன்னே வரலாம், பின்னே தள்ளக் கூடாது. எல்லா வரியும் தீர்ந்தால்தான் டிக்கெட் மூடும்.

பேட்சே வரவில்லை. கணக்கை நிறுத்திவைக்கலாமா?

நிறுத்திவைக்கும் நிலை ஒன்றைத் திறந்துவிட்டால், கஷ்டமான டிக்கெட் எல்லாம் அங்கே போய்த் தங்கிவிடும். அங்கிருந்து திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓட்டை திறந்திருக்கும் நாள் பேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தான்.

அதற்குப் பதில் விதிவிலக்கு கொடுங்கள். விதிவிலக்கு என்றால் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: ஏன் முடியவில்லை, அதுவரை என்ன தற்காலிகத் தடுப்பு வைத்திருக்கிறோம், எந்தத் தேதியோடு முடிகிறது, இழப்பு வந்தால் ஏற்கும் அதிகாரமுள்ள யார் கையெழுத்திட்டார். கடைசியில் சொன்ன ஆள் டிக்கெட்டைச் செய்ய வேண்டியவராகவோ பாதுகாப்பு டீமாகவோ இருக்கக் கூடாது. அந்தச் சேவையை நடத்துகிற மேலாளர்தான் பொருத்தம்.

புதிய தேதியைத் தனிப் புலத்தில் போடுங்கள். அசல் கெடுவை அழித்துவிட்டு எழுதினால், ஐந்து முறை நீட்டித்த டிக்கெட்டும் நேற்று திறந்த டிக்கெட்டும் ஒரே மாதிரி தெரியும். விதிவிலக்கு காலாவதியானால் டிக்கெட் தானாகவே அசல் கெடுவுக்குத் திரும்பி, சிவப்பாக நிற்க வேண்டும்.

எப்போது மூடுவது? டெவலப்பர் "முடிந்தது" என்றாலா, ஸ்கேனர் காட்டாமல் போனாலா?

இரண்டும் தனியே போதாது.

டெவலப்பர் சொல்வதில் பொய் இருக்காது, அரைகுறை இருக்கும். புதிய ஜார் கோப்பை வைத்திருப்பார், புராசஸை மறுதொடக்கம் செய்திருக்க மாட்டார். பழைய நூலகம் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது வெளியே தெரியும் ஜாரை மாற்றியிருப்பார், வேறொரு பெரிய ஜாருக்குள் பொதிந்திருந்த இன்னொரு பிரதி அப்படியே இருக்கும். லாக்4ஜே சமயத்தில் பலர் மாட்டிக்கொண்டது இதில்தான்.

ஸ்கேனர் காட்டாமல் போவது இன்னும் மோசமான சாட்சி. சர்வருக்குள் நுழைந்து பார்க்கும் ஸ்கேனில் கடவுச்சொல் மாறிப்போனால், ஸ்கேனர் வெளியே நின்று பார்த்ததோடு திரும்பும். உள்ளே இருந்த ஓட்டைகள் எல்லாம் பட்டியலிலிருந்து மறையும். தானாக மூடும் விதி இருந்தால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான டிக்கெட் மூடும். ஒரே நாளில் திடீரென்று எண்ணிக்கை சரிந்தால் கொண்டாடும் முன் அந்த ஸ்கேனின் உள்நுழைவு வெற்றி பெற்றதா என்று பாருங்கள்.

எனவே மூட மூன்றும் வேண்டும்: அந்தச் சர்வர் ஸ்கேன் ஆனது, உள்ளே நுழைய முடிந்தது, அந்தக் குறிப்பிட்ட சோதனை ஓடி ஓட்டை இல்லை என்றது. ஸ்கேன் வாரம் ஒருமுறைதான் ஓடுகிறது என்றால் டீமுக்கு அநியாயம் ஆகாமல் இருக்க இரண்டு தேதி வையுங்கள். டீம் முடித்தேன் என்ற நாள் ஒன்று, ஸ்கேன் உறுதி செய்த நாள் ஒன்று. உறுதியானால் கெடுவுக்கு முதல் தேதியைக் கணக்கில் எடுங்கள். உறுதியாகாவிட்டால் அதே டிக்கெட் திறக்கட்டும், முதலில் பார்த்த நாள் மாறாமல்.

டிக்கெட்டுகளை ஜிரா மென்பொருளில் வைத்திருக்கிறோம். தினமும் பார்க்க அதில் என்ன தேடல் வைப்பது?

```
project = VULN AND statusCategory != Done
AND duedate <= 7d ORDER BY duedate ASC
```

தாண்டியதும் வரும், அடுத்த ஏழு நாளில் விழப்போவதும் வரும். இதோடு இன்னொன்றும் கட்டாயம் வேண்டும்:

```
project = VULN AND statusCategory != Done
AND duedate is EMPTY
```

கெடுப் புலம் காலியாக உள்ள டிக்கெட் முதல் தேடலில் ஒருபோதும் வராது. கையால் திறந்த டிக்கெட்டும், தீவிரம் நிரப்பாத டிக்கெட்டும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இந்தத் தேடல் எப்போதும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

மேலாளருக்கு எந்த எண்ணைக் காட்டுவது? எங்களுக்கு 87 சதவீதம் வருகிறது, ஆனால் யாரும் நம்புவதில்லை.

எதைக் கீழே போட்டு வகுக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த மாதம் கெடு விழுந்தவை 40 என்று வைப்போம். 28 நேரத்தில் மூடின, 4 தாமதமாக மூடின, 8 இன்னும் திறந்தே இருக்கின்றன. மூடியவற்றை மட்டும் எடுத்தால் 32-ல் 28, அதாவது 87.5 சதவீதம். கெடு விழுந்த எல்லாவற்றையும் எடுத்தால் 40-ல் 28, அதாவது 70. அந்த 8 திறந்தே இருக்கும் வரை முதல் கணக்கில் வரவே வராது. தாமதமாக மூடுவதைவிட மூடாமலே விடுவது நல்ல மதிப்பெண் தரும் கணக்கு அது.

"சராசரியாக எத்தனை நாளில் சரிசெய்தோம்" என்பதிலும் இதே ஓட்டை. சுலபமான புதியவற்றை மூடிக்கொண்டே இருந்தால் சராசரி இறங்கும். ஒரு வருடக் கிழவன் மூடப்படும் மாதத்தில் மட்டும் துள்ளும், அதைப் பார்த்து மேலாளர் திட்டுவார். பழையதைச் சரிசெய்ததற்குத் திட்டு வாங்கும் டீம் அடுத்ததைத் தொடாது.

நான் அனுப்புவது இரண்டே எண்: இந்த மாதம் கெடு விழுந்தவற்றில் எத்தனை நேரத்தில் மூடின, இன்று கெடு தாண்டித் திறந்திருப்பவற்றில் மிகப் பழையது எத்தனை நாள். இரண்டாவதுக்குக் கீழே டிக்கெட் எண்ணையும் டீமின் பெயரையும் போட்டுவிடுவேன். பெரும்பாலும் அந்த வாரத்திலேயே அது மூடிவிடும்.